மேல்தளத்துக்கு எத்தனை கிலோ கம்பி?

4 மீட்டர் அகலம், 15 மீட்டர் நீளத்தில் ஒரு மேல்தளம். ஓரத்தில் விடும் கவரைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அகலவாக்கில் 10 மி.மீ. கம்பி, 15 செ.மீ. இடைவெளி. 15 மீட்டரை 0.15-ஆல் வகுத்தால் 100. கடைசி ஓரத்துக்கு ஒன்று கூட்டினால் 101. பலர் விடுவது அந்த ஒன்றைத்தான். மொத்தம் 404 மீட்டர்.

நீளவாக்கில் 8 மி.மீ. கம்பி, 20 செ.மீ. இடைவெளியில் 21. கடையில் கம்பி 12 மீட்டர்தான் வரும். ஒட்டுப் போட்டே ஆகவேண்டும். வரைபடத்தில் ஒட்டு விட்டத்தைப்போல் 50 மடங்கு என்றிருந்தால் 40 செ.மீ. அப்போது ஒவ்வொன்றும் 15.4; மொத்தம் 323.4 மீட்டர். ஒட்டுகள் ஒரே வரிசையில் விழக்கூடாது. அங்கே தளம் பலவீனமாகும்.

விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கான எடை: 0.617, 0.395 கிலோ. ஆக 249, 128. மொத்தம் சுமார் 377 கிலோ. வெட்டுச் சேதாரம் தனி.