தபால் முத்திரை இல்லாத படம்

ஆகஸ்ட் மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழரை மணி. மதுரையில் ஒரு சமையலறை. அடுப்பில் இட்லிப் பானை, மேடையில் சர்க்கரை டப்பா, டப்பாவின்மேல் சாய்ந்தபடி செல்போன். போனுக்குள் டொராண்டோ. அங்கே இன்னும் சனிக்கிழமை இரவு பத்து மணிதான். கல்லூரி விடுதியில் ஒரே அறையில் மூன்று வருடம் இருந்த இரண்டு தோழிகள், ஒருத்தி இங்கே, ஒருத்தி அங்கே என்று வைத்துக்கொள்வோம். ஏதோ ஒரு பழைய பேச்சில் இருவரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். மதுரைக்காரி சட்டென்று ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுகிறாள்.

அழைப்பு முடிந்தது. படத்தை இன்ஸ்டாகிராமில் போடலாம் என்று திறக்கிறாள். கேப்ஷன் கேட்கிறது. ‘மிஸ் யூ’ என்று அடிக்கிறாள், அழிக்கிறாள். பக்கத்தில் ஒரு இதயத்தைப் போட்டுப் பார்க்கிறாள், அதையும் அழிக்கிறாள். இட்லி வெந்துவிட்டது, வரி வரவில்லை.

ஒரு மணி நேரம் வாய் ஓயாமல் பேசியவளுக்கு ஒரு வரி வராமல் போவதற்குக் காரணம் அந்தப் படத்திலேயே இருக்கிறது. முன்பு கடிதம் வந்தால் உறையைப் பார்த்தாலே தூரம் தெரியும். அயல்நாட்டுத் தபால்தலை, அதன்மேல் ஊரும் தேதியும் பொறித்த முத்திரை, உள்ளே முதல் வரிக்கு மேலேயே எழுதுபவரின் ஊர்ப் பெயர். ஸ்கிரீன்ஷாட்டில் இது எதுவும் கிடையாது. இரண்டு முகங்களும் ஒரே கண்ணாடிக்குள், விரற்கடை இடைவெளியில் இருக்கின்றன. பார்ப்பவருக்கு அவர்கள் அடுத்தடுத்த அறையில் இருக்கிறார்களா, அடுத்த கண்டத்திலா என்று தெரியாது. அக்கா தங்கையா, அலுவலகத் தோழிகளா என்பதும் தெரியாது. படத்தோடு வரும் சொற்கள், பல பக்கம் அலையக்கூடிய அர்த்தத்தை ஓர் இடத்தில் நங்கூரமிட்டு நிறுத்துகின்றன என்று பிரெஞ்சு எழுத்தாளர் ரோலான் பார்த் 1964இல் ஒரு கட்டுரையில் சொன்னார். வீடியோ கால் படத்துக்கு அந்த நங்கூரம் மற்றப் படங்களைவிட அதிகம் தேவைப்படுகிறது. தொலைந்துபோன தபால் முத்திரையின் வேலையைக் கேப்ஷன்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

அதைச் செய்வதற்கான சரக்கு, படத்தின் குறைகளிலேயே கிடைக்கும்.

முதல் குறை, கண்கள். செல்போனின் கேமரா திரைக்கு மேலே இருக்கிறது. தோழியின் முகமோ திரைக்கு நடுவில். அவள் முகத்தைப் பார்த்தால் கேமராவைப் பார்க்க முடியாது. கேமராவைப் பார்த்தால் அவளைப் பார்க்க முடியாது. அதனால் வீடியோ கால் படங்களில் பெரும்பாலும் இருவர் பார்வையும் கொஞ்சம் தாழ்ந்தே இருக்கும். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்த நேரம்தான் அது. படத்தில் மட்டும் இருவரும் எங்கேயோ பார்க்கிறார்கள்.

இரண்டாவது, சிரிப்பு. மதுரைக்கும் டொராண்டோவுக்கும் நேர்க்கோட்டிலேயே 13,000 கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். கடலுக்கடியில் சுற்றி வளைந்து கிடக்கும் கேபிள், இடையிடையே இருக்கும் கருவிகள், படத்தைச் சுருக்கி விரிக்கும் வேலை எல்லாம் சேரும்போது தாமதம் இன்னும் கூடுகிறது. பேசும்போது இது பெரிதாக உறைக்காது. படம் எடுக்கும்போதுதான் மாட்டிக்கொள்ளும். ‘ஒண்ணு, ரெண்டு, மூணு’ என்று எண்ணினால், மூன்று அவள் காதில் விழுந்து, அவள் பல்லைக் காட்டி, அந்தப் பல் இங்கே வந்து சேர்வதற்குள் இவள் விரல் பொத்தானை அழுத்தியிருக்கும். இவள் சிரித்திருப்பாள், அவள் அப்போதுதான் வாயைத் திறக்கத் தொடங்கியிருப்பாள். எண்ணாமல் இருப்பதே நல்லது. நகைச்சுவையைச் சொல்லிவிட்டு, அவள் சிரிப்பு திரையில் வந்து சேர்ந்த பிறகு, தன் சிரிப்பையும் விடாமல் பிடித்துக்கொண்டு இரண்டு மூன்று தடவை அழுத்தினால் ஒன்றாவது தேறும்.

மூன்றாவது, உறைந்துபோகும் முகம். இணையம் வழியாக வரும் வீடியோ ஒவ்வொரு படத்தையும் முழுதாக அனுப்புவதில்லை. முன் படத்திலிருந்து எது மாறியதோ அதை மட்டும் அனுப்பும். இடையில் சில துணுக்குகள் தவறினால் முகம் சதுரம் சதுரமாகச் சிதறும், அல்லது பாதிக் கண் மூடியபடி நின்றுவிடும். கையை வேகமாக ஆட்டினாலும் இதே கதை. பொதுவாக இந்தப் படங்களைத்தான் அழித்துவிடுகிறார்கள். கேப்ஷன் எழுதத் தெரிந்தவர்கள் இவற்றைத்தான் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஓரத்துச் சின்னக் கட்டத்தில் நம் முகம் பெரும்பாலான செயலிகளில் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறியே தெரியும். ஸ்கிரீன்ஷாட் திரையில் இருப்பதை அப்படியே எடுப்பதால், நம் டிஷர்ட்டில் உள்ள எழுத்து இடவலம் மாறியும் தோழியின் டிஷர்ட் எழுத்து நேராகவும் பதிவாகும்.

போடுவதற்கு முன் படத்தின் விளிம்புகளை ஒரு முறை பார்த்துவிட வேண்டும். மேற்பட்டையில் வங்கிக் குறுஞ்செய்தி வந்து நின்றிருக்கலாம். தோழியின் புது எண்ணைப் பெயர் போட்டுச் சேமிக்காமல் இருந்தால் எண்ணே தெரியும். அவளுடைய அறைத்தோழி பின்னால் தலை துவட்டிக்கொண்டிருக்கலாம். வாட்ஸ்ஆப் காலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் எதிர்ப்பக்கம் தெரியாது. எனவே கேட்டுவிட்டுப் போடுவதுதான் முறை.

இப்போது மதுரைக்காரியின் வரிக்கு வருவோம். அவளுடைய முதல் முயற்சி, எங்கோ படித்த சாயலில் ஒன்று: ‘தூரம் நட்பைப் பிரிக்காது.’ தப்பாக எதுவும் இல்லை. ஆனால் இதே வரியைத் திருச்சியில் இருக்கும் இரண்டு பையன்களின் படத்துக்குக் கீழே ஒட்டினாலும் ஒட்டும். அப்படி எதற்கும் பொருந்துகிற வரி முத்திரையாகாது. இரண்டாவது முயற்சி: ‘நானும் என் உயிர்த்தோழியும் வீடியோ காலில்.’ இது படமே சொல்லிவிட்டதை மறுபடி சொல்கிறது.

மூன்றாவது முயற்சியில் ஒரு சங்கடம் தட்டுப்படுகிறது. ‘மிஸ் பண்றேன்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? அதே அச்சில் ஒரு வினைச்சொல் நம்மிடம் இல்லை. ஆனால் உணர்வைச் சொல்லும் வழிகள் இருக்கின்றன. அம்மா ஊருக்குப் போனதும் சோறு இறங்காமல் படுத்துக்கிடக்கும் குழந்தையைப் பார்த்து, வீட்டுப் பெரியவர்கள் ‘பிள்ளைக்கு அம்மாவைத் தேடுது’ என்பார்கள். ‘தேடுது’ என்பதில் அழகு என்னவென்றால், தேடுவது யார் என்று அந்த வாக்கியம் சொல்வதில்லை. பிள்ளை தேடவில்லை, பிள்ளைக்குத் தேடுகிறது. பசிப்பதுபோல, குளிர்வதுபோல அது பாட்டுக்கு வருகிறது. ‘எனக்கு உன்னைத் தேடுதுடி’ என்றால் அதில் கண்ணீர் இல்லை. கொஞ்சம் குழந்தைத்தனமும் கலந்திருக்கிறது. சிரிக்கிற படத்துக்குக் கீழே அது உறுத்தாமல் உட்காரும்.

நான்காவது முயற்சியில் இரண்டையும் சேர்க்கிறாள்: ‘சிரிச்சுக்கிட்டுதான் இருக்கோம், ஆனா தேடுது.’ படித்துப் பார்க்கிறாள். படம் திடீரென்று சோகமாகிவிட்டது. வரிசையை மாற்றுகிறாள்: ‘தேடுதுதான், ஆனாலும் சிரிச்சுக்கிட்டுதான் இருக்கோம்.’ அதே சொற்கள்தான், முகம் மலர்ந்துவிட்டது. தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வந்து உட்காருவதால், படிப்பவர் காதில் கடைசியாக எது விழுகிறதோ அதுவே படத்தின் மனநிலையாகிவிடுகிறது. ஏக்கத்தை முன்னால் விட்டு, சிரிப்பைப் பின்னால் நிறுத்தினால் உற்சாகம் தங்கும்.

நடை எழுத்துத் தமிழா, பேச்சுத் தமிழா? ‘உன்னை எண்ணி ஏங்குகிறேன்’ என்று எழுதினால், விடுதி அறையில் பக்கெட்டுக்குச் சண்டை போட்ட தோழி முதலில் செய்வது கேலிதான். கால் பேசிய தமிழிலேயே கேப்ஷனும் இருந்தால் அவள் குரல் கேட்கும். நீளத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. இன்ஸ்டாகிராம் ஒரு கேப்ஷனுக்கு 2,200 எழுத்துகள்வரை இடம் தந்தாலும், முகப்பில் ஓடும்போது தொடக்கத்தை மட்டும் காட்டிவிட்டு மிச்சத்தை மடித்துவிடும். சொல்ல வேண்டியது முதல் வரியிலேயே இருந்தாக வேண்டும்.

இன்னும் ஊர் வரவில்லை, தூரம் வரவில்லை. ‘ஒன்பதரை மணி நேர தூரம்’ என்று போடலாமா என்று யோசிக்கிறாள். அதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. டொராண்டோவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுப்பார்கள். இந்தியாவில் அந்த வழக்கம் இல்லை. ஆக, கோடையில் ஒன்பதரை மணி நேரமாக இருக்கும் வித்தியாசம் குளிர்காலத்தில் பத்தரை ஆகிவிடும். போன நவம்பரில் இது மறந்துபோய், ஞாயிறு காலை இவள் கூப்பிட்டபோது அங்கே ஒன்பது மணிதான். தோழி கடையில் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். எண்ணைப் போட்டால் வருடத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நாள் அது தப்பாக இருக்கும். கிழமை அப்படி மாறாது. இவள் ஞாயிறு காலை ஏழரைக்கு வருடத்தில் எப்போது கூப்பிட்டாலும் அங்கே சனி இரவுதான்.

அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறாள். எடுத்த மூன்று படங்களில் ஒன்றில் தோழி வாய் திறந்தபடி, பாதிக் கண் மூடி உறைந்திருக்கிறாள். இவள் பின்னால் இட்லிப் பானையின் ஆவி. அந்தப் படத்தைத்தான் தேர்ந்தெடுக்கிறாள். தோழிக்கு அனுப்பி, ‘போடவா?’ என்று கேட்கிறாள். ‘போட்டுத் தொலை’ என்று பதில் வருகிறது. அதன் கீழே எழுதுகிறாள்:

‘டொராண்டோவில இவளுக்கு இன்னும் சனிக்கிழமையே முடியல, மதுரையில எனக்கு ஞாயித்துக்கிழமை இட்லி வெந்துருச்சு. தேடுதுடி. நெட்டு நின்னாலும் உன் வாய் மட்டும் மூட மாட்டேங்குது!’

ஊர் வந்துவிட்டது, நாள் வந்துவிட்டது, ஏக்கம் ஒரே சொல்லில் நடுவில் ஒளிந்துகொண்டது. உறைந்த படம் கேலியாகிக் கடைசியில் நிற்கிறது. தெரியாதவர் படித்தாலும் கதை புரியும். தெரிந்தவளுக்கு மட்டும் அந்த ‘டி’ தனியாகக் கேட்கும்.

போட்ட நேரம் எட்டு மணி. அங்கே பத்தரை, தோழி படுத்துவிட்டாள். மாலை ஆறரைக்கு இவள் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது போன் அதிர்கிறது. டொராண்டோவில் ஞாயிறு காலை ஒன்பது. படத்துக்குக் கீழே ஒரே ஒரு கேள்வி:

‘அதெல்லாம் இருக்கட்டும், சட்னி என்னடி?’