மொட்டை மாடியில் வளரும் மலேரியா

மழை நின்று குட்டைகள் வற்றினால் மலேரியாவும் அடங்கும் என்பது கிராமத்துக் கணக்கு. சென்னையில் அது செல்லாது. இங்கே மலேரியாவைப் பரப்பும் அனோஃபிலஸ் ஸ்டீஃபென்சி கொசுவுக்குக் குட்டையும் வேண்டாம், சாக்கடையும் வேண்டாம். நாம் குடிக்கவும் குளிக்கவும் சேர்த்து வைக்கும் நல்ல தண்ணீர் போதும். அதை நாம் கோடையிலும் வற்ற விடுவதில்லை.

குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாத ஊரில் சம்ப்பும் மேல்நிலைத் தொட்டியும் இல்லாத வீடு அரிது. தொட்டி மூடியில் ஒரு விரிசல், வலை கட்டாத ஓவர்ஃப்ளோ குழாய், இதில் ஏதாவது ஒன்று போதும், கொசு நுழைந்துவிடும். தண்ணீரின் மேல் ஒவ்வொன்றாக முட்டையிடும். நம் வெயிலில் ஒரு வாரம் முதல் பத்து நாளுக்குள் முட்டை கொசுவாகிவிடும். தொட்டியைத் தினமும் நிரப்பிக் காலி செய்கிறோமே என்று நினைக்கலாம். அடியில் கொஞ்சம் தண்ணீர் எப்போதும் தங்கும். புழுக்கள் அதிலேயே பிழைத்துக்கொள்ளும்.

தொட்டிக்குள் இருப்பது எந்தக் கொசுவின் புழு என்று வெறும் கண்ணாலேயே ஓரளவு சொல்லிவிடலாம். டெங்குக் கொசுவின் புழு தலைகீழாகத் தொங்கும். அனோஃபிலஸ் புழுவுக்கு மூச்சுக்குழல் கிடையாது, ஆகவே நீர்ப்பரப்பை ஒட்டிப் படுத்த வாக்கில் மிதக்கும். எட்டிப் பார்ப்பவரின் நிழல் பட்டதும் சட்டென்று கீழே போய்விடும். அசையாமல் நின்று காத்திருந்தால்தான் மேலே வரும். அவசரமாகப் பார்த்துவிட்டு ‘ஒன்றுமில்லை’ என்று இறங்குவது இப்படித்தான்.

தொட்டி கொசுவைத்தான் காப்பாற்றும். நோய் பரவ, கிருமியைச் சுமக்கும் மனிதரும் வேண்டும். இரண்டும் சேரும் இடம் கட்டுமானத் தளம்.

ஓர் அடுக்குமாடி எழுவதாக வைத்துக்கொள்வோம். தளம் போட்டதும் கான்கிரீட் இறுகுவதற்காகப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவார்கள். குறைந்தது ஏழு நாள். கலப்புச் சிமென்ட் என்றால் பத்து நாள். கொசு வளர ஏறத்தாழ அதே அவகாசம்தான் தேவை. ஒரு தளம் முடிந்தால் அடுத்த தளம். கீழே லிஃப்ட் குழியிலும் சிமென்ட் தொட்டியிலும் டிரம்மிலும் மாதக்கணக்கில் தண்ணீர் நிற்கும். வேலை செய்பவர்களில் பலர் ஒடிசா, ஜார்க்கண்ட் போன்ற மலேரியா மிகுந்த மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். கதவு, ஜன்னல் வைக்காத கட்டடத்திலோ பக்கத்துத் தகரக் கொட்டகையிலோ தூங்குகிறார்கள்.

அவர்களில் ஒருவருக்கு வைவாக்ஸ் வகை மலேரியா என்று கொள்வோம். இந்த வகையில், காய்ச்சல் என்று அவர் ரத்தப் பரிசோதனைக்குப் போவதற்குள்ளேயே கொசுவைத் தொற்றும் கிருமி அவர் ரத்தத்தில் வந்திருக்கலாம். கடித்த கொசுவின் உடலில் கிருமி முற்றப் பத்து நாள் அளவில் ஆகும். அதன்பின் அது கடிப்பவர் பக்கத்துக் கட்டிலில் படுப்பவராகவோ அடுத்த தெருக்காரராகவோ இருக்கலாம். மாத்திரை சாப்பிட்டதும் இரண்டு, மூன்று நாளில் காய்ச்சல் விட்டுவிடும். ஆனால் கல்லீரலில் உறங்கும் கிருமியை ஒழிக்கப் பதினான்கு நாள் பிரைமாகுயின் சாப்பிட வேண்டும். தினக்கூலிக்காரர் உடம்பு தேறியதும் மாத்திரையை மறப்பதும், வேலை முடிந்து இன்னொரு சைட்டுக்குப் போவதும் நடக்கத்தான் செய்யும். சில வாரங்களிலோ மாதங்களிலோ காய்ச்சல் திரும்பும்போது அவர் நகரின் வேறு மூலையில், வேறொரு பாத்தித் தண்ணீருக்குப் பக்கத்தில் இருப்பார். ஊரே வளர்ந்துகொண்டிருக்கும்போது இந்தச் சங்கிலி அறுவதில்லை.

இந்தக் கொசு புதிய ஊருக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஆப்பிரிக்காவின் ஜிபூட்டி சாட்சி. 2012இல் அங்கே இது முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அந்த ஆண்டு மலேரியா கண்டவர்கள் 27 பேர். 2020இல் எண்ணிக்கை 73,000ஐத் தாண்டியது. அதற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது, ஆனால் பெரும்பங்கு இதற்கு உண்டு என்பதே வல்லுநர் கருத்து. மலேரியா அற்ற நாடு என்று 2016 செப்டம்பரில் சான்று பெற்ற இலங்கையிலும், அந்த ஆண்டு முடிவதற்குள் மன்னாரில் இந்தக் கொசு சிக்கியது.

தடுக்கும் வழி தெரிந்ததுதான். தொட்டிக்கு இறுக்கமான மூடி, குழாய் வாயில் கொசுவலை, ஏறிப் பார்க்க ஏணி. மும்பை மாநகராட்சி வெகுகாலமாக மூடியையும் ஏணியையும் வலியுறுத்துகிறது. ஏணி இல்லாத தொட்டிக்குள் எந்த ஊழியரும் எட்டிப் பார்க்க முடியாதே. கட்டுமானத் தளத்தில்தான் சிக்கல். வாரம் ஒரு நாள் தண்ணீரை வடித்துக் காயவிடுங்கள் என்றால், கான்கிரீட் வெடித்துவிடும் என்பார் மேஸ்திரி. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதற்கு மாற்று, பாத்தி கட்டாமல் ஈரச் சாக்கைப் பரப்பி அடிக்கடி நனைத்துவருவது. கான்கிரீட்டுக்கு வேண்டிய ஈரம் கிடைக்கும்; புழு மிதக்கத் தண்ணீர் தேங்காது. நனைப்பதற்கென்று ஓர் ஆளை நிறுத்த வேண்டும், கூலி கூடும். பெரும்பாலான சைட்களில் பாத்தி கட்டுவதே எளிதாக இருக்கிறது.