ஒரே தலைக்கு ரெண்டு கிண்ணம்: வேருக்கு ஒரு கலவை, நீளத்துக்கு ஒரு கலவை

கொடைக்கானல்ல பார்லர் நடத்துற என்கிட்ட, வீட்டுலயே டை அடிச்சிட்டு வர்றவங்க பல பேர் ஒரே குறையைத்தான் சொல்றாங்க. வேர்ப்பக்கம் நல்லா பிடிச்சிருக்கு, நடு முடி செம்பட்டையா இருக்கு, நுனி மட்டும் கன்னங்கரேல்னு தனியா நிக்குது. மூணு நிறம், ஒரே தலையில. இதுக்குக் காரணம் பெரும்பாலும் டையோட தரம் கிடையாது. ஒவ்வொரு தடவையும் ஒரே கலவையை வேர்ல இருந்து நுனி வரைக்கும் இழுத்துவிடுறதுதான் காரணம்.

டச்-அப் பண்ணும்போது புதுசா வளர்ந்த வேருக்கு ஒரு கலவை, ஏற்கெனவே டை ஏறின நீளத்துக்கு வேற கலவை. அதை எப்படித் தேர்ந்தெடுக்கிறதுன்னு இன்னிக்குப் பார்க்கலாம்.

[திரையில்: வேர், நடு, நுனி என்று மூன்றாகப் பிரித்த ஒரு முடிக்கற்றை]

முடி மாசத்துக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வளருது. அந்தப் புது முடி இதுவரைக்கும் டையையே பார்க்காதது. மேல்செதில் இறுக்கமா மூடியிருக்கும். நரை முடியா இருந்தா இன்னும் விறைப்பா இருக்கும், லேசுல நிறம் பிடிக்காது. அதனால வேருக்கு அம்மோனியா உள்ள நிரந்தர டை வேணும். அம்மோனியா செதிலைத் திறக்கும், டெவலப்பர்ல இருக்கிற பெராக்சைடு உள்ள போய் நிறத்தை உருவாக்கும்.

நீளமான முடியோட நிலைமை வேற. அது இதே வேலையை ஏற்கெனவே பல தடவை அனுபவிச்சாச்சு. செதில் தளர்ந்திருக்கு. நிறத்தை வேகமா உறிஞ்சும், அதே வேகத்துல விட்டுடும். பெராக்சைடு நம்ம முடியோட சொந்தக் கறுப்பையும் கொஞ்சம் கரைச்சிருக்கும். மேல ஏத்தின டை மங்கும்போது அடியில மிஞ்சியிருக்கிற செம்மை வெளிய தெரியுது. நாம செம்பட்டைன்னு சொல்றது அதைத்தான்.

இன்னொரு விஷயத்தை மனசுல வெச்சுக்கோங்க: புது டையால பழைய டையை வெளுக்க வைக்க முடியாது. கறுத்துப்போன நுனி மேல பிரவுன் டை போட்டா, அது பிரவுனா மாறாது. இன்னும் கறுப்பா ஆகும். அதனாலதான் நுனியில கறுப்பு அடுக்கடுக்கா சேருது.

இப்போ நம்ம மலைக்கு வருவோம். இங்க ரெண்டு விஷயம் கூடுதலாப் பார்க்கணும்.

முதல்ல வெயில். கொடைக்கானல் கடல் மட்டத்துல இருந்து 2,100 மீட்டர் உயரம். ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் புற ஊதாக்கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். குளிரா இருக்கிறதால நமக்கு உறைக்காது, ஆனா முடிக்கு உறைக்கும். தலையை மூடாம வெளிய வேலை பார்க்கிறவங்களுக்கு நடு முடி சீக்கிரமே செம்பட்டை ஆயிடுது.

அடுத்தது குளிர். டை ஒரு ரசாயன வினை. சூடு இருந்தா வேகமா நடக்கும், குளிர்ல மெதுவா நடக்கும். தலைத்தோல்ல உடம்புச் சூடு இருக்கு, அதனால தோலை ஒட்டின முடிக்கு அந்தக் கதகதப்பு கிடைக்குது. தோளுக்குக் கீழ தொங்குற முடி அறையோட குளிர்ல கிடக்கு. மார்கழி, தை மாசத்துல இது ரொம்ப நல்லாவே தெரியும். பாக்கெட்ல போட்டிருக்கிற நேரம் சாதாரண அறை வெப்பத்துக்கு எழுதினது. அதனால டியூபையும் டெவலப்பரையும் முதல் நாள் ராத்திரியே கதகதப்பான அறைக்குள்ள வெச்சிடுங்க. ஜன்னலை ஒட்டி வைக்காதீங்க. வேலையை மத்தியானத்துல வெச்சுக்கோங்க. சீக்கிரம் பிடிக்கணும்னு ஹேர் டிரையர் காட்ட வேண்டாம். பாக்கெட்ல சொல்லாத சூடு தலைத்தோலைப் புண்ணாக்கும், நிறமும் திட்டுத்திட்டா விழும்.

சரி, ஒரு தலையை எடுத்து முழுசா செஞ்சு பார்ப்போம்.

[திரையில்: அளவுகள்]

பள்ளிக்கூடத்துல வேலை பார்க்கிற ஒரு அக்கா, ஐம்பது வயசு இருக்கும். கடைசியா டை அடிச்சு மூணு மாசம் ஆச்சு. வேர்ல 3 சென்டிமீட்டர் புது முடி. முன்பக்கமும் நெற்றியோரமும் பாதிக்கு மேல நரை, பிடரியில கம்மி. நடு முடி செம்பட்டை. கடைசி ஒரு சாண் நுனி ஏறக்குறைய கறுப்பு.

ஷேடு எண்ணுல புள்ளிக்கு முன்னாடி வர்றது நிறத்தோட ஆழம். 1 கறுப்பு, 10 ரொம்ப வெளிர். புள்ளிக்குப் பின்னாடி வர்றது அதோட சாயல். பூஜ்யம்னா எந்தப் பக்கமும் சாயாத இயல்பு நிறம். பல கம்பெனிகள்ல .1 சாம்பல் சாயலைக் குறிக்கும், ஆனா கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அட்டையைப் பார்த்துக்கோங்க. இந்தக் கணக்குல அக்காவோட நடு முடி 6, நுனி 3.

அவங்க கேட்டது 5. நான் 4-க்குப் போகலாம்னு சொன்னேன். நுனி 3-ல இருக்கு, அதை டை போட்டு மேல கொண்டுவர முடியாது. வேர் 5-ஆ இருந்தா நுனிக்கும் வேருக்கும் இடைவெளி பளிச்சுன்னு தெரியும். 4-னா கண்ணுக்கு ஒத்துப்போகும். அதோட, வேர்ல நரைக்கு நடுவுல இருக்கிற சொந்தக் கறுப்பு முடி 5-க்குப் போகும்போது ஆரஞ்சுச் சாயல் காட்டும்.

முதல் கிண்ணம், வேருக்கு: 4.0 நிரந்தர டை 40 கிராம், 6 சதவீத டெவலப்பர் 40 கிராம். கடையில 20 வால்யூம்னு கேட்டா கொடுக்கிறது இதுதான். சில கம்பெனி ஒண்ணுக்கு ஒன்றரைன்னு போட்டிருப்பாங்க, அப்படின்னா அதையே செய்யுங்க. நரை பாதிக்கு மேல இருக்கும்போது சிவப்பு, தங்கம், சாம்பல்னு சாயல் ஷேடு மட்டும் போட்டா நரை கண்ணாடி மாதிரி மினுங்கிட்டே நிக்கும். இயல்பு நிறம் அடியில இருந்தாத்தான் மூடும்.

ரெண்டாவது கிண்ணம், நடு முடிக்கு: அம்மோனியா இல்லாத, கொஞ்ச நாள்ல மங்கிப்போற டெமி பெர்மனென்ட் டை. 5.0 20 கிராம், 5.1 10 கிராம், அந்த டையோடயே வர்ற குறைஞ்ச வீரிய டெவலப்பர் 60 கிராம். அது 2 சதவீதத்தை ஒட்டி இருக்கும். நமக்கு வேண்டியது 4, அப்புறம் ஏன் 5? தளர்ந்த முடி நிறத்தை அதிகமா இழுக்கும், ஒரு படி ஆழமாவே காட்டும். அதனால ஒரு படி வெளிரா எடுக்கிறோம். 5.1-ல இருக்கிற சாம்பல் செம்பட்டையை அடக்கும். சாம்பலை மட்டும் தனியாப் போட்டா முடி சேறு பூசின மாதிரி மங்கிடும், அதனால மூணுல ஒரு பங்குதான்.

நுனிக்கு? டை எதுவும் வேண்டாம். கண்டிஷனரைத் தாராளமாத் தடவி மூடிடுங்க.

போடுறதுக்கு 48 மணி நேரம் முன்னாடி ரெண்டு டையையும் தனித்தனியா தோல்ல சோதிக்கணும், பாக்கெட்ல சொல்லியிருக்கிற மாதிரியே. அம்மோனியா இல்லாததுன்னா அலர்ஜி வராதுன்னு நினைக்காதீங்க. அலர்ஜிக்கு முக்கியக் காரணம் பிபிடி மாதிரியான சாயப்பொருள், அது ரெண்டுலயும் இருக்கலாம். அரிப்போ வீக்கமோ வந்தா, அந்த டை உங்களுக்கு இல்லை.

இனி வரிசை. உலர்ந்த முடியை நாலாப் பிரிச்சுக்கோங்க. பழைய டை ஆரம்பிக்கிற கோட்டுக்குக் கீழ லேசா கண்டிஷனர் தடவுங்க, வேர் டை வழிஞ்சாலும் அங்க பிடிக்காது. நரை அதிகமா இருக்கிற முன்பக்கத்துல தொடங்குங்க. அரை சென்டிமீட்டர் வகிடு வகிடா எடுத்து, பிரஷ்ஷால அழுத்திப் பூசுங்க. கோட்டுக்கு வந்ததும் நிறுத்திடணும்.

பூசி முடிச்ச நேரத்துல இருந்து வேருக்கு 35 நிமிஷம். 20 நிமிஷம் ஆன பிறகுதான் ரெண்டாவது கிண்ணத்தைக் கலக்கணும். கலந்த டை காத்துல அடங்கிப்போகும், முன்கூட்டியே கலந்து வெச்சா வீரியம் இருக்காது. கோட்டுக்குக் கீழ தடவின கண்டிஷனரைத் துடைச்சிட்டு நடு முடிக்குப் பூசுங்க. பூசினதும் 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒரு கற்றையை ஈரப் பஞ்சால துடைச்சு, ஜன்னல் வெளிச்சத்துல பாருங்க. டியூப் லைட்டை நம்ப வேண்டாம். 5 நிமிஷத்துலயே பிடிக்கிற முடியும் உண்டு, குளிர் அறையில 20 நிமிஷம் கேட்கிற முடியும் உண்டு. அக்காவுக்குக் கலந்து பூசின நேரத்தையும் சேர்த்து 15 நிமிஷம் ஆச்சு. அதுவும் வேரும் ஒண்ணா முடிஞ்சது, ஒரே அலசல்.

தப்பு நடந்தா எப்படித் தெரியும்? வேருக்கும் நீளத்துக்கும் நடுவுல கறுப்புப் பட்டை தெரிஞ்சா, வேர் டை கோட்டைத் தாண்டியிருக்கு. அடுத்த தடவை முன்னாடியே நிறுத்துங்க. நடு முடி சாம்பலடிச்சு மங்கலா இருந்தா 5.1 அதிகம், இல்லைன்னா நேரம் அதிகம். டெமி டைங்கிறதால சில அலசல்ல தணியும். நெற்றியோரம் நரை எட்டிப்பார்த்தா டை மெலிசாப் பூசியிருக்கு, இல்லைன்னா குளிர்ல நேரம் பத்தல. நேரத்தைப் பாக்கெட்ல இருக்கிற மேல் வரம்பு வரைக்கும் கொண்டுபோகலாம், அதுக்கு மேல வேண்டாம்.

ரெண்டு தலைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஒண்ணு, பழனியில மொட்டை போட்டு புதுசா முடி வளர்ந்த தலை. அது முழுக்க வேர்தான், முதல் கிண்ணம் மட்டும் போதும். ஆனா கத்தி பட்ட கீறல் முழுசா ஆறாம டை தொடக்கூடாது. இன்னொண்ணு, என்ன கலந்திருக்குன்னு தெரியாத மருதாணிப் பொடி போட்ட தலை. சில பொடிகள்ல உலோக உப்பு இருக்கும், பெராக்சைடு பட்டா முடியே சூடாகி அறுந்துபோகும். சீப்புல வந்த கொஞ்சம் முடியைக் கண்ணாடிக் கிண்ணத்துல போட்டு, 6 சதவீத டெவலப்பரை 20 பங்கும் அம்மோனியாவை 1 பங்கும் ஊத்தி அரை மணி நேரம் வையுங்க. கொதிச்சாலோ, சூடானாலோ, நிறம் திடீர்னு மாறினாலோ, அந்தப் பகுதி வெட்டிப் போற வரைக்கும் டை கிடையாது.

முடிச்சதும் ஒரு அட்டையில எழுதி வையுங்க: தேதி, ரெண்டு கலவை, எத்தனை நிமிஷம், அறை குளிரா கதகதப்பா. ஆறு வாரம் கழிச்சு வரும்போது முதல் கிண்ணம் நிச்சயம் வேணும். ரெண்டாவது கிண்ணத்தைக் கையில எடுக்கிறதுக்கு முன்னாடி, நடு முடி உண்மையிலேயே மங்கியிருக்கான்னு பாருங்க. மங்கலைன்னா அதைக் கலக்கவே வேண்டாம்.