குடோனில் இருப்பதெல்லாம் கம்பெனியுடையதா?

மார்ச் 31 முடிந்ததும் திருப்பூர்ப் பக்கம் நிட்டிங் கம்பெனிகளில் ஸ்டாக் எடுப்பார்கள். ஆடிட்டரும் அங்கே போய் நிற்பார். மூட்டைகளை எண்ணுவது அவர் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். எண்ணுவது கம்பெனி ஆட்கள்தான். அவர்கள் ஒழுங்காக எண்ணுகிறார்களா என்று பார்ப்பதும், சிலவற்றைத் தானே மறுபடி எண்ணிப் பார்ப்பதும் ஆடிட்டரின் வேலை. சரக்கு கணிசமான தொகையாக இருந்தால், இயன்றவரை நேரில் போயே ஆகவேண்டும் என்கிறது இந்தியத் தணிக்கைத் தரம் 501.

மறு எண்ணிக்கையை இரண்டு பக்கமிருந்தும் செய்ய வேண்டும். பட்டியலில் ஒரு வரியை எடுத்து, அந்த மூட்டைகளைக் காட்டச் சொன்னால், இல்லாத சரக்கை எழுதியிருந்தால் தெரிந்துவிடும். குடோனில் ஓர் அடுக்கைத் தானே தேர்ந்தெடுத்து அது பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்தால், விட்டுப்போனது தெரியும். முதலாவதை மட்டும் செய்துவிட்டு வருகிறவர் பாதி வேலையைத்தான் முடித்திருக்கிறார்.

அடுக்கின் வெளிப்பக்கம் மட்டும் கண்ணுக்குத் தெரியும். நடுவே காலியாக இருக்கலாம். அதனால் சில மூட்டைகளை இறக்கி, பிரித்து, எடை போட்டுப் பார்ப்பார்கள். 1963-இல் அமெரிக்காவில், நியூஜெர்சியின் பேயோன் நகரில், சமையல் எண்ணெய் இருப்பதாகச் சொல்லி ஒரு நிறுவனம் கடன் வாங்கியிருந்த தொட்டிகளில் பெரும்பாலும் தண்ணீர்தான் இருந்தது. மேலே மிதந்த எண்ணெயைப் பார்த்தே சரிபார்ப்பவர்கள் ஏமாந்தார்கள். இரண்டு குடோன் உள்ள கம்பெனி என்றால் இரண்டையும் ஒரே நாளில் எண்ண வேண்டும். இல்லாவிட்டால் இங்கே எண்ணிய மூட்டை ராத்திரியோடு ராத்திரியாக அங்கே போய்விடும்.

இனி ஒரு கணக்கு. ஒரு கம்பெனி தன் நூலை ஏப்ரல் 4 மாலை எண்ணுகிறது என்று வைத்துக்கொள்வோம். 410 மூட்டை, ஒவ்வொன்றும் 50 கிலோ. நமக்கு வேண்டியது மார்ச் 31 இரவின் இருப்பு. ஏப்ரல் 1 முதல் எண்ணி முடிக்கும்வரை 60 மூட்டை உள்ளே வந்திருக்கிறது, 90 வெளியே போயிருக்கிறது. வந்ததைக் கழித்து, போனதைக் கூட்டினால் 440. இந்த 60-ம் 90-ம் சரிதானா என்று பார்க்கத்தான், மார்ச் கடைசியில் போட்ட வரவுச் சீட்டு, டெலிவரி சலான் எண்களை ஆடிட்டர் குறித்து வைத்துக்கொள்கிறார். அதன் பிறகு வருகிற எந்தச் சீட்டிலும் பழைய தேதி போட்டால் எண் காட்டிக்கொடுத்துவிடும்.

கம்பெனியின் ஸ்டாக் பட்டியலிலும் 440. ஒரு மூட்டைகூடக் குறையவில்லை. பலர் நிம்மதியாக நோட்டை மூடுவது இந்த இடத்தில்தான்.

ஆனால் சுவர் ஓரத்து 70 மூட்டைகளில் வேறொரு லாட் எண் இருக்கிறது. வரவுப் பதிவேட்டில் அந்த லாட்டைத் தேடினால், அது இன்வாய்ஸோடு வரவில்லை. ஜாப் ஒர்க் என்று எழுதிய சலானோடு வந்திருக்கிறது. இன்னொரு கம்பெனி தன் நூலைத் துணியாக ஓட்டித் தரச் சொல்லி அனுப்பியது. இந்தக் கம்பெனிக்கு வரவேண்டியது ஓட்டுக்கூலி மட்டுமே. குடோன்காரர் உள்ளே வந்ததையெல்லாம் ஒரே கம்ப்யூட்டர் பதிவில் ஏற்றியிருக்கிறார். அதையே ஆண்டிறுதிப் பட்டியலாக எடுத்து விலையும் போட்டுவிட்டார்கள். சொந்த நூல் 370 மூட்டைதான். 70 மூட்டை என்றால் 3,500 கிலோ. கிலோ 250 ரூபாய் என்று வைத்தால், 8,75,000 ரூபாய் அடுத்தவர் சொத்து இவர்கள் கணக்கில் ஏறியிருக்கிறது.

இதில் ஏமாற்று இருக்க வேண்டியதில்லை. இருப்பை எண்ணிக்கை காட்டும், உரிமையைக் காட்டாது, அவ்வளவுதான். மூட்டையைப் பார்த்து அது யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. சந்தேகப்படத்தான் முடியும்: தனியே ஒதுக்கிய அடுக்கு, வேறு கம்பெனிப் பெயர் எழுதிய சீட்டு, இந்தக் கம்பெனி வழக்கமாக வாங்காத நம்பர் நூல். நடந்து பார்க்கும்போது இவற்றைக் குறித்துக்கொண்டு வந்து, பிறகு வாங்கிய பில்லையும் பணம் கட்டியதையும் தேடுவதுதான் உரிமைக்கான சான்று. பில் போட்டு விற்றுவிட்டு, வாங்கியவர் இன்னும் எடுக்காமல் வைத்திருக்கும் துணி ரோல்களும் இதே வகைதான். அங்கே ஒப்பந்தத்தைப் படித்துத்தான் யாருடையது என்று முடிவுசெய்ய வேண்டும்.

இதற்கு நேர்மாறும் உண்டு. இந்தக் கம்பெனியின் சொந்தத் துணி சாயப்பட்டறையில் கிடக்கும். குடோனில் எவ்வளவு கவனமாக எண்ணினாலும் அது அகப்படாது. பட்டறைக்காரர் தம்மிடம் இருப்பதை எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும், அந்தக் கடிதம் கம்பெனி வழியாக வராமல் நேரே ஆடிட்டருக்கு வர வேண்டும். தொகை பெரிதாக இருந்தாலோ, பட்டறை கம்பெனி முதலாளியின் சொந்தக்காரருடையதாக இருந்தாலோ, கடிதத்தோடு விடாமல் அங்கேயும் நேரில் போய் எண்ணிப் பார்ப்பதே நல்லது.