சாசேஜின் உள்ளும் உறையும்

கடையில் வாங்கும் கோழி சாசேஜ் ஒன்றை நடுவில் நறுக்கிப் பாருங்கள். வெட்டிய முகம் வழவழப்பாக, ஒரே இளஞ்சிவப்பாக இருக்கும். நார் என்று ஒன்றுமே கண்ணில் படாது. கோழிக்கறியைக் குழம்பு வைத்தாலும் வறுத்தாலும் நார்நாராகத்தான் பிரியும். அப்படியானால் சாசேஜில் அந்த நார் எங்கே போனது? வேறு எதையோ கலந்து ஏமாற்றுகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். கலப்பதும் உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் சுத்தமான கறியில் செய்தாலும் சாசேஜ் இப்படித்தான் இருக்கும். நார் காணாமல் போவதுதான் சாசேஜ் தயாரிப்பின் மையமான வேலை.

தொழிற்சாலையில் முதல் விதி குளிர்ச்சி. உறையும் நிலைக்குச் சற்று மேலே வைத்திருந்த எலும்பில்லாத கறியைச் சிறு துளைகள் உள்ள தட்டு வழியாக அரைத்துக் கொத்துக்கறியாக்குகிறார்கள். பிறகு அது பௌல் கட்டர் என்ற இயந்திரத்துக்குப் போகிறது. அகலமான எஃகுக் கிண்ணம் மெதுவாகச் சுழல, அதன் ஒரு பக்கத்தில் அரிவாள் போல வளைந்த கத்திகள் மிக வேகமாகச் சுற்றும். கறியோடு முதலில் சேர்ப்பது உப்பும் கொஞ்சம் பாஸ்பேட்டும் பனிக்கட்டித் தூளில் ஒரு பங்கும்தான். மொத்த எடையில் உப்பு ஏறக்குறைய 2 சதவீதம். இந்த உப்பு ருசிக்காக மட்டும் போடப்படுவதல்ல. தசைநாருக்குள் கட்டுண்டு கிடக்கும் மயோசின் என்ற புரதத்தைக் கரைத்து வெளியே கொண்டுவருவது அதுதான். பாஸ்பேட் அந்தக் கரைதலுக்குத் துணை செய்கிறது. கரைந்த மயோசின் பசைபோல ஒட்டும். கத்தி வெட்டியதாலும் உப்பு கரைத்ததாலும் நார் கூழாகிவிடுகிறது.

அடுத்து கொழுப்பு. கோழி சாசேஜில் அது தோலாகவோ தாவர எண்ணெயாகவோ இருக்கும். அதோடு மசாலாவும் மீதிப் பனிக்கட்டியும், சில தயாரிப்புகளில் சோயா புரதமும் மாவுச்சத்தும் சேரும். பொடிப்பொடியாக உடையும் கொழுப்புத் துளிகளைச் சுற்றி மயோசின் மெல்லிய படலமாகப் படிகிறது. இந்தப் படலம்தான் எண்ணெயும் நீரும் பிரியாமல் பிடித்து வைக்கிறது. உளுந்து ஆட்டும்போது மாவு சூடேறாமல் இருக்கக் குளிர்ந்த நீர் தெளிப்பார்களே, அதே காரணத்துக்காகத்தான் இங்கே பனிக்கட்டி. கோழிக்கறிக் கலவை 12 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வார்கள். சூடு ஏறினால் கொழுப்பு இளகி, படலத்துக்கு அடங்காமல் நழுவும். அந்தத் தவறு உடனே தெரியாது. வேகவைத்த பிறகு தோலுக்கடியில் எண்ணெய்த் திட்டாகவும், நுனியில் கூழ்க்கட்டியாகவும், மென்றால் மணல்மணலாகவும் தெரியவரும். உங்கள் வாணலியில் சாசேஜ் சுருங்கி எண்ணெயும் நீருமாகக் கக்கினால், கலவையில் பிடிப்பு சரியில்லை என்று ஊகிக்கலாம்.

கலவை தயாரானதும் காற்றை உறிஞ்சி நீக்கி, குழாய் வழியாக உறைக்குள் நிரப்புகிறார்கள். இந்த உறைக்குத்தான் கேசிங் என்று பெயர். எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது என்று வகுத்துக்கொண்டு வாழும் நம் வீடுகளில் அதிகம் கேட்கப்படாத கேள்வி இந்த உறையைப் பற்றியதுதான்.

பழைய உறை குடல். ஆடு, பன்றி, மாடு ஆகியவற்றின் குடலைக் கழுவி, உட்புறச் சவ்வைச் சுரண்டி நீக்கினால் நடுவில் கொலாஜன் நிறைந்த ஒரு மெல்லிய, உறுதியான படலம் மிஞ்சும். அதை உப்பிட்டு வைத்து, தேவைப்படும்போது நீரில் ஊறவைத்து நிரப்புவார்கள். மெல்லிய சாசேஜுக்கு ஆட்டுக்குடல், தடித்ததற்குப் பன்றிக்குடல். இன்றும் ஐரோப்பாவின் நல்ல கசாப்புக் கடைகளில் இதுதான் மதிப்பு. கடித்தால் 'படக்' என்று உடையும். ஆனால் குடல் ஒரே அளவில் இருக்காது, ஓட்டை விழும், வேகமான இயந்திரத்துக்கு ஈடுகொடுக்காது.

அதனால் 1920களில் சிகாகோவில் எர்வின் ஃப்ராய்ண்ட் என்பவர் செல்லுலோஸ் உறையைத் தொழிலாக வளர்த்தார். பருத்தி, மரக்கூழ் போன்ற தாவர நாரிலிருந்து செய்த, கண்ணாடித்தாள் போன்ற குழாய் இது. இந்தக் குழாய்க்கு வேறொரு பெருமையும் உண்டு. 1943இல் நெதர்லாந்தில் வில்லெம் கோல்ஃப் என்ற மருத்துவர், நோயாளியின் ரத்தத்தைச் சுத்திகரிக்க முதல் செயற்கைச் சிறுநீரகத்தை அமைத்தபோது அவர் பயன்படுத்தியது சாசேஜுக்கான செல்லோபேன் குழாயைத்தான். நுண்துளைகள் வழியே சிறு மூலக்கூறுகள் போய்வரும் என்பதே இரண்டு வேலைக்கும் அது பொருந்தக் காரணம். சாசேஜில் அந்தத் துளைகள் வழியாகப் புகை உள்ளே போகிறது, ஈரம் வெளியே வருகிறது.

செல்லுலோஸை நாம் சாப்பிடுவதில்லை. நிரப்பி, முறுக்கித் துண்டு பிரித்து, உள்வெப்பம் 72 டிகிரி அளவுக்கு வரும்வரை வேகவைத்து, குளிர்நீர் தெளித்து ஆறவைத்த பிறகு, இயந்திரம் உறையைக் கீறி உரித்துவிடும். அதற்குள் புகையும் வெப்பமும் பட்டுக் கலவையின் மேற்பரப்பே கெட்டிப்பட்டு ஒரு தோலாகியிருக்கும். 'ஸ்கின்லெஸ்' என்று விற்கும் சாசேஜ்களில் நாம் கடிக்கும் தோல் அதுதான். உரிக்காமல் விட்டது கண்ணில் படவேண்டும் என்பதற்காக உறையில் கறுப்புக் கோடு அச்சிடுவதும் உண்டு.

மூன்றாவது வகை கொலாஜன் உறை. பெரும்பாலும் மாட்டுத்தோலின் உள்ளடுக்கிலிருந்து எடுத்த கொலாஜனைப் பசையாக்கி, குழாயாகப் பிழிந்து உலர்த்தியது. இதை உரிக்க வேண்டியதில்லை, சாப்பிடலாம். உள்ளே இருப்பது முழுக்கக் கோழிக்கறி என்றாலும் உறை மாட்டிலிருந்து வந்ததாக இருக்கலாம் என்பதை இங்கேதான் கவனிக்க வேண்டும். மாட்டிறைச்சி உண்ணாதவர்களுக்கும், ஹலால் பார்ப்பவர்களுக்கும், உறை எந்த விலங்கிலிருந்து, எப்படி வந்தது என்பது சின்ன விஷயமல்ல. கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட்டைக் கலவையின் மேல் பூசி, கால்சியம் உப்புக் கரைசலில் கெட்டிப்படுத்தும் முறையும் வந்திருக்கிறது. சைவ சாசேஜ்களுக்கு அது பொருந்துகிறது.

பார்த்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். குடல் உறை என்றால் சாசேஜ் இயல்பாக வளைந்து, பருமன் கொஞ்சம் முன்பின்னாக, நுனியில் முறுக்கிய வாலோடு இருக்கும். கொலாஜன் என்றால் அளவெடுத்ததுபோலச் சீராக இருக்கும், நுனியில் முறுக்கிய மெல்லிய சவ்வு தெரியும். உரித்தது என்றால் நுனி உருண்டு, நடுவில் சிறு சுருக்கத்தோடு முடிந்திருக்கும், பிரிக்கத் தனிச் சவ்வு இருக்காது. சந்தேகம் இருந்தால் பொருள் பட்டியலின் கடைசியில் 'கொலாஜன் கேசிங்' என்று இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் தயாரிப்பாளரின் நுகர்வோர் எண்ணில் கேட்டுவிடுவதே உறுதியான வழி.

இனி அந்தப் பட்டியல். இந்திய விதிப்படி, தயாரிக்கும்போது எது அதிகம் சேர்ந்ததோ அது முதலில் வரவேண்டும், அப்படியே இறங்குவரிசையில் மற்றவை. அளவுகளைப் பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள். ஆனால் உப்பு நமக்கு ஓர் அளவுகோலாகிறது. சாசேஜில் உப்பு சுமார் 2 சதவீதம் என்பதைப் பார்த்தோம். எனவே பட்டியலில் உப்புக்குப் பின்னால் வரும் ஒவ்வொன்றும் அதைவிடக் குறைவு. உப்புக்கு முன்னால் நிற்பவைதான் நீங்கள் உண்மையில் காசு கொடுத்து வாங்குவது.

மாதிரிக்கு ஒன்று எடுத்துக்கொள்வோம். கோழி இறைச்சி 65 சதவீதம், தண்ணீர், தாவர எண்ணெய், மாவுச்சத்து, சோயா புரதம், உப்பு, மசாலாப் பொருட்கள், மால்டோடெக்ஸ்ட்ரின், பிறகு ஐ.என்.எஸ். 451, 316, 250. பக்கத்திலுள்ள ஊட்டச்சத்து அட்டவணையில் 100 கிராமுக்குப் புரதம் 12 கிராம், மாவுச்சத்து 6 கிராம், சோடியம் 850 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம்.

சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வரும்: ஏறக்குறைய 2.1 கிராம். கோல் சரியாக இருக்கிறது. அடுத்து மாவுச்சத்து எண்ணைப் பாருங்கள். கோழிக்கறியில் மாவுச்சத்து கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஆகவே அந்த 6 கிராமும் வெளியிலிருந்து வந்தது. சில தயாரிப்பாளர்கள் இதை ஸ்டார்ச், ரொட்டித்தூள், கோதுமை மாவு, சர்க்கரை என்று நாலாகப் பிரித்துப் போடுவார்கள். ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும், ஆனால் அட்டவணையின் கூட்டல் இறங்காது. இரண்டு பாக்கெட்டுகளை ஒப்பிட எனக்குத் தெரிந்த நேர்மையான எண் இதுதான். 1, 2 கிராம் என்றால் கறியும் நீரும் கொழுப்பும்தான் பெரும்பகுதி. 8, 10 என்றால் நீரைப் பிடித்து வைக்கும் வேலையை மாவு செய்கிறது. தண்ணீர் இரண்டாவதாக வந்தாலே பதற வேண்டாம். பனிக்கட்டி இல்லாமல் இந்தக் கலவையே உருவாகாது.

'இயந்திரத்தால் பிரிக்கப்பட்ட இறைச்சி' என்று தனியாகக் குறித்திருந்தால், சதை வெட்டிய பிறகு எலும்புக்கூட்டில் ஒட்டியிருப்பதைச் சல்லடை வழியே அழுத்திப் பிழிந்த கூழ் அது. ஆபத்தானதல்ல, ஆனால் மலிவானது. நல்ல சதைக்கான விலையை அதற்குக் கொடுக்க வேண்டியதில்லை.

எண்களில் 451 என்பது முன்னே பார்த்த பாஸ்பேட். 250 என்பது சோடியம் நைட்ரைட். வெந்த பின்னும் இளஞ்சிவப்பு மாறாமல் இருப்பது இதனால்தான், இல்லாவிட்டால் சாசேஜ் வெளுத்த சாம்பல் நிறமாகியிருக்கும். ஆனால் நிறத்தைவிடப் பெரிய வேலை ஒன்று அதற்கு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க்கில் கெட்டுப்போன சாசேஜ் தின்றவர்கள் உடல் முடங்கி இறந்தார்கள். யுஸ்டினுஸ் கெர்னர் என்ற மருத்துவர் 1820இலும் 1822இலும் அந்த நோயை விரிவாக எழுதிவைத்தார். காற்றில்லாத இடத்தில் வளரும் ஒரு கிருமியின் நஞ்சு அது என்பது பின்னால் தெரிந்தது. அந்தக் கிருமி முளைப்பதை நைட்ரைட் தடுக்கிறது. மறுபக்கமும் இருக்கிறது. நைட்ரைட் புரதச் சிதைவுப் பொருட்களோடு சேர்ந்து நைட்ரோசமின்களை உண்டாக்கக்கூடும். 316 என்ற எரித்தார்பேட் அதை ஓரளவு குறைக்கவும் சேர்க்கப்படுகிறது. பதப்படுத்திய இறைச்சி மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் வகைப்படுத்தியது. தினமும் 50 கிராம் தின்றால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடும் என்பது அதன் கணிப்பு. எப்போதாவது தின்பதற்கு அஞ்ச வேண்டாம். பள்ளிக்கூட டிபன் டப்பாவில் தினம் வைப்பது சரியல்ல என்பதே என் உறுதியான கருத்து. உப்பும் அதையே சொல்கிறது. மேலே பார்த்த பாக்கெட்டில் ஒன்று 35 கிராம் வீதம் இரண்டு தின்றால் ஒன்றரை கிராம் உப்பு. பெரியவர்களுக்கே நாளுக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார அமைப்பு.

கடைசியாக, 'ரெடி டு ஈட்' என்று போட்டிருந்தாலும் சூடாக்காமல் தின்னாதீர்கள். வெந்த சாசேஜ் உறையை உரித்துப் பொதியும் இடத்தில்தான் மறுபடியும் கிருமி தொற்றக்கூடும். தென்னாப்பிரிக்காவில் 2017-18இல் பொலோனி என்ற சாசேஜ் வகையால் பரவிய லிஸ்டீரியா நோயில் இருநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தக் கிருமி குளிர்பெட்டியிலும் வளரும், நன்றாகச் சூடாக்கினால் சாகும். கர்ப்பிணிகள் விஷயத்தில் இதைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும். உறைந்த பாக்கெட்டுக்குள் சாசேஜ்கள் ஒன்றோடொன்று ஒட்டி, இடையில் பனி கட்டியிருந்தால் கடையில் ஒருமுறை உருகி மீண்டும் உறைந்திருக்கக்கூடும், அதை எடுக்காதீர்கள். குளிர்பெட்டிப் பாக்கெட் உப்பியிருந்தாலும், உள்ளே பால்போன்ற நீர் தேங்கியிருந்தாலும், தேதி மீதமிருந்தாலும் கூட, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.