போயிட்டு வாங்க அக்கா: விடைகொடுக்கும் செய்தியை எழுதுவது எப்படி?

திருப்பூரில் ஏற்றுமதி ஆடை நிறுவனம் ஒன்றின் மெர்ச்சண்டைசிங் பிரிவை எடுத்துக்கொள்வோம். வெளிநாட்டு பையரிடம் ஆர்டர் பேசுவது, சாம்பிள் தைத்து அனுப்பி ஒப்புதல் வாங்குவது, துணியும் பட்டனும் நேரத்துக்கு வந்ததா என்று பார்ப்பது, ஷிப்மெண்ட் புறப்படும்வரை கூடவே நிற்பது எல்லாம் இந்தப் பிரிவின் வேலை. இங்கே 9 ஆண்டுகள் இருந்த மூத்த மெர்ச்சண்டைசர் ஒருவர் கோயம்புத்தூரில் வேறொரு நிறுவனத்தில் சேரப்போகிறார். பிரிவில் எல்லாருக்கும் அவர் ‘அக்கா’தான். மாலையில் கேக் வெட்டி, கையில் ஒரு வாழ்த்து அட்டை கொடுப்பதாக ஏற்பாடு. அதில் எழுதும் பொறுப்பு பிரிவிலேயே இளையவரிடம் வந்து சேருகிறது. அவர் எழுதும் செய்தி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

“மதிப்பிற்குரிய மேடம், இன்று உங்களது கடைசி நாள் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் நினைக்கிறோம். உங்களுடன் பணிபுரிந்தது ஒரு சிறந்த அனுபவமாக இருந்தது. நீங்கள் எங்கள் குழுவின் ஒரு தூணாக இருந்தீர்கள். உங்கள் பிரிவு எங்களுக்கு ஈடுசெய்ய முடியாத இழப்பு. நீங்கள் மிகவும் தவறவிடப்படுவீர்கள். உங்கள் எதிர்கால முயற்சிகள் அனைத்திற்கும் வாழ்த்துகள். தொடர்பில் இருங்கள்.”

எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. எழுதியவருக்கு அக்காவின் மேல் உண்மையான பாசம் உண்டு. ஆனாலும் இதை ஒருமுறை வாய்விட்டுப் படித்தால் நெஞ்சில் ஏதோ நெருடும். வீட்டில் பெரியவர்கள் யாராவது கேட்டால், “யாருப்பா தவறிட்டாங்க?” என்று பதறுவார்கள்.

இரங்கல் செய்தியின் சொற்கள்

‘கடைசி நாள்’, ‘ஆழ்ந்த வருத்தம்’, ‘ஈடுசெய்ய முடியாத இழப்பு’, ‘தூணாக இருந்தீர்கள்’. இந்த நான்கையும் நாம் அடிக்கடி பார்க்கும் இடம் செய்தித்தாளின் இரங்கல் பகுதியும் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டியும்தான். தனித்தனியாக எடுத்தால் எதுவும் கெட்ட சொல் இல்லை. நான்கும் ஒரே செய்தியில் சேரும்போது, உயிரோடு எதிரில் நிற்கும் ஒருவருக்கு அஞ்சலி செலுத்துவதுபோல ஆகிவிடுகிறது.

விடைபெறும் பேச்சில் தமிழர்கள் காட்டும் கவனம் பழையது. வீட்டை விட்டுக் கிளம்புகிறவர் ‘போகிறேன்’ என்று சொல்வதில்லை. ‘போயிட்டு வரேன்’ என்கிறார். வழியனுப்புகிறவரும் ‘போங்க’ என்று சொல்லாமல் ‘போயிட்டு வாங்க’ என்கிறார். துக்க வீட்டில் மட்டும் இந்த வழக்கம் மாறும். அங்கிருந்து கிளம்புகிறவர் ‘வரேன்’ என்று சொல்லமாட்டார். சொல்லாமலே எழுந்து போய்விடுவார். ஆக, ‘வருதல்’ இருக்கிறதா இல்லையா என்பதை வைத்தே நம் காது ஒரு விடைபெறுதலை இன்னதென்று அறிந்துகொள்கிறது. மேலே உள்ள செய்தியில் ‘வாங்க’ என்ற சொல் எங்குமே இல்லை. திருத்தத்தை அங்கிருந்தே தொடங்க வேண்டும். முடிவில் ‘போயிட்டு வாங்க அக்கா’ என்ற ஒரு வரி வந்துவிட்டால் செய்தியின் குரலே மாறிவிடும்.

‘மேடம்’ என்ற விளியையும் அப்போதே எடுத்துவிடலாம். 9 ஆண்டுகள் அக்கா என்று கூப்பிட்டவரை, அட்டையில் எழுதும்போது மட்டும் மேடம் ஆக்கினால் அவர் ஓரடி தள்ளி நிறுத்தப்பட்டதாகவே உணர்வார். தினமும் மேடம் என்றே அழைத்துப் பழகிய மேலதிகாரி என்றால் மேடம் என்றே எழுதலாம். அப்படிப்பட்டவரைத் திடீரென்று அக்கா ஆக்குவதும் செயற்கையாகத்தான் இருக்கும்.

எங்கள் பிரிவா, நம் பிரிவா?

‘நீங்கள் எங்கள் குழுவின் ஒரு தூணாக இருந்தீர்கள்’ என்ற வரியில் இரண்டு சிக்கல்கள் உண்டு. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டு ‘நாம்’ என்பதும், அவரை விலக்கி ‘நாங்கள்’ என்பதும் தமிழில் வேறு வேறு. ‘எங்கள் குழு’ என்று எழுதியதுமே அக்கா வெளியே நிறுத்தப்படுகிறார். நேற்றுவரை அது அவருடைய குழுவும்தானே? ‘நம் பிரிவு’ என்று எழுதினால் அவர் இன்னும் உள்ளேயே இருப்பார். ‘எங்கள்’ என்பதை அறவே தவிர்க்கவும் வேண்டாம். அக்கா கிளம்பிய பிறகு இங்கே இருப்பவர்களுக்கு என்ன ஆகும் என்று சொல்லும் வரியில் ‘எங்கள்’தான் பொருந்தும். பணியிடத்தைச் சொல்லும்போது ‘நம்’. பிரிவால் ஏங்குகிறவர்களைச் சொல்லும்போது ‘எங்கள்’.

இரண்டாவது சிக்கல் காலம். ‘இருந்தீர்கள்’ என்று இறந்தகாலத்தில் நிறுத்தினால் எல்லாம் முடிந்துபோன தொனி வந்துவிடும். அவர் செய்தவற்றில் எது இன்னும் இங்கே ஓடிக்கொண்டிருக்கிறது என்று தேடி, அதை நிகழ்காலத்தில் எழுத வேண்டும். ‘நன்றாகக் கற்றுக்கொடுத்தீர்கள்’ என்பதைவிட, ‘நீங்கள் கற்றுக்கொடுத்தபடிதான் இன்றும் செய்கிறோம்’ என்பது அவருக்கு அதிக மனநிறைவைத் தரும்.

அடுத்தது ‘தவறவிடப்படுவீர்கள்’. தமிழில் நாம் பஸ்ஸைத் தவறவிடுவோம், வாய்ப்பைத் தவறவிடுவோம். மனிதரைத் தவறவிட்டால் அவர் கூட்டத்தில் காணாமல் போயிருப்பார். ஒருவர் இல்லாத ஏக்கத்தைச் சொல்ல நமக்குக் ‘கண் தேடும்’ என்ற அருமையான பேச்சு இருக்கிறது. எதைத் தேடும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் இன்னும் நல்லது. அவர் உட்கார்ந்த நாற்காலி, அவர் குரல், காலையில் அவர் முதலில் கேட்கும் கேள்வி என்று ஏதேனும் ஒன்று போதும்.

பாசம் எங்கிருந்து வரும்?

இதுவரை சொன்ன திருத்தங்கள் செய்தியிலிருந்த நெருடலை எடுத்துவிடும். ஆனால் அதனாலேயே அதில் பாசம் வந்துவிடாது. ‘சிறந்த அனுபவம்’, ‘எதிர்கால முயற்சிகள்’ ஆகிய சொற்கள் யாருக்கும் பொருந்தும். பக்கத்துப் பிரிவிலிருந்து அடுத்த மாதம் கிளம்புகிறவருக்கும் இதே அட்டையைக் கொடுத்துவிடலாம். அக்காவுக்கு மட்டுமே பொருந்தும் செய்தி வேண்டும். அது எழுதுகிறவரின் தலைக்குள் உட்கார்ந்து யோசித்தால் கிடைக்காது. பிரிவில் இருப்பவர்களிடம் கேட்டால் கிடைக்கும். “அக்கா உங்களுக்குச் செய்ததில் எது இன்னும் ஞாபகம் இருக்கு?” என்று இரண்டு மூன்று பேரிடம் கேட்டாலே போதும்.

‘ரொம்ப நல்லவங்க’, ‘எல்லாருக்கும் உதவுவாங்க’ என்ற பதில்களை நன்றியோடு கேட்டுக்கொண்டு, ‘என்னிக்கு, என்ன உதவி?’ என்று மேலும் கேட்க வேண்டும். அப்போதுதான் சங்கதிகள் வரும். ஒருவர் சொல்வார்: “சேர்ந்த புதுசுல என் சாம்பிள் அளவு தப்பாகி பையர்கிட்ட இருந்து திரும்பி வந்துச்சு. அக்கா திட்டவே இல்ல. டேப்பைக் கையில கொடுத்து, அக்குளுக்கு 1 இன்ச் கீழ வச்சு மார்பளவு எடுக்கணும்னு செஞ்சு காட்டினாங்க.” இன்னொருவர் சொல்வார்: “ஷிப்மெண்ட் நாள்ல ராத்திரி எத்தனை மணி ஆனாலும், முதல்ல ‘சாப்டீங்களா?’ன்னுதான் கேப்பாங்க.”

கிடைத்ததையெல்லாம் அட்டையில் கொட்ட வேண்டியதில்லை. வேலை சம்பந்தமாக ஒன்று, மனசு சம்பந்தமாக ஒன்று என இரண்டு போதும். வேலையை மட்டும் சொன்னால் சான்றிதழ்போல ஆகிவிடும். குணத்தை மட்டும் சொன்னால் 9 ஆண்டு உழைப்பும் திறமையும் காணாமல் போய்விடும். பெண் ஊழியர்களுக்கு எழுதும்போது இந்த இரண்டாவது தவறு அதிகம் நடக்கிறது. ‘தாயன்பு’, ‘புன்னகை முகம்’ என்று எழுதிவிட்டு, அவர் காப்பாற்றிக் கொடுத்த ஆர்டர்களை மறந்துவிடுகிறோம்.

‘தொடர்பில் இருங்கள்’ என்பது வெறும் கட்டளையாக நிற்கிறது. கோவை 50 கிலோமீட்டர் தொலைவுதான். கடல்கடந்து போகிறவருக்கு எழுதுவதுபோல எழுத வேண்டாம். திருப்பூர் பக்கம் வந்தால் எட்டிப் பார்க்கச் சொல்வதே இயல்பு. திருத்திய செய்தி இப்படி அமையும்:

“அன்புள்ள அக்கா, நாளைக் காலையில் எங்கள் கண் முதலில் தேடுவது உங்கள் ஜன்னலோர நாற்காலியைத்தான். நீங்கள் டேப்பைக் கையில் கொடுத்துச் சொல்லிக்கொடுத்தபடிதான் நம் பிரிவில் இன்றும் ஒவ்வொரு சாம்பிளையும் அளக்கிறோம். ஷிப்மெண்ட் இரவுகளில் நீங்கள் ‘சாப்டீங்களா?’ என்று கேட்ட பிறகுதான் எங்களுக்குப் பசியே தெரியும். புது இடத்திலும் எல்லாம் நல்லபடியாக நடக்கட்டும். திருப்பூர் பக்கம் வந்தால் நம் ஆபீசை எட்டிப் பார்க்காமல் போகக் கூடாது. போயிட்டு வாங்க அக்கா.”

நீளம் முன்பு இருந்ததைவிடக் கொஞ்சம் கூடியிருக்கிறது. எழுத்து நடையில் தொடங்கும் செய்தி முடிவில் பேச்சு நடைக்கு வந்துவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். அட்டை என்பதால் நடுவரிகள் எழுத்து நடையில் இருக்கலாம். விடைகொடுக்கும் கடைசி வரி மட்டும் வாசலில் நின்று சொல்வதுபோலவே இருக்க வேண்டும். ‘போய் வாருங்கள்’ என்று அதையும் திருத்தி எழுதினால் மேடைப் பேச்சாகிவிடும்.

காரணத்துக்குத் தக்க செய்தி

பணி ஓய்வு என்றால் பேச்சு வேறு. தமிழ்நாடு அரசுப் பணியில் ஓய்வு வயது இப்போது 60. அந்த வயது நிறைவடையும் மாதத்தின் கடைசி நாளில் விடைபெறுவார்கள். அந்த விழாக்களில் ‘பணி நிறைவு’ என்றே சொல்கிறார்கள். முடித்துக்காட்டிய பெருமை அதில் இருக்கிறது. ஆனால் ‘இனி நிம்மதியாக ஓய்வெடுங்கள்’ என்ற வரியைத் தவிர்ப்பது நல்லது; அதுவும் அஞ்சலிச் சுவரொட்டிக்குப் பக்கத்தில் போய் நிற்கும். பேத்தியைப் பள்ளிக்கு அழைத்துப்போவது, தள்ளிப்போட்ட காசி யாத்திரை என்று அவரே ஆசைப்பட்டுச் சொன்ன ஒன்றை எழுதி வாழ்த்தலாம்.

திருமணம், பிரசவம், வீட்டில் பெரியவர்களின் உடல்நலம் ஆகிய காரணங்களால் வேலையை விடுகிறவர் உண்டு. அந்தக் காரணத்தை அவராக எல்லாரிடமும் சொல்லியிருந்தால் தவிர அட்டையில் எழுதக் கூடாது. ‘இனி எங்கள் வேலையை யார் பார்ப்பார்கள்’ என்ற வரியும் வேண்டாம். பாராட்டுபோலத் தெரிந்தாலும், கிளம்புகிறவர் மனதில் அது குற்ற உணர்வைத்தான் விட்டுச்செல்லும்.

ஆட்குறைப்பில் வேலை இழந்தவருக்குப் பொது அட்டையே பொருந்தாது. ‘புதிய பயணத்துக்கு வாழ்த்துகள்’ என்ற வரி அவரைப் புண்படுத்தும். அவருக்குத் தனியாக எழுதுங்கள். அவர் வேலையில் நீங்கள் கண்ட ஒரு திறமையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். அடுத்த வேலைக்கு உங்களைக் கேட்டால் நல்லபடியாகச் சொல்லத் தயார் என்று எழுதி, உங்கள் சொந்த போன் நம்பரையும் சேர்த்துவிடுங்கள்.