நான்காவது கட்டம் காலியாக இருக்கட்டும்

ஒரு நிறுவனத்தின் ஆள்சேர்ப்புப் பிரிவில் வேலை பார்த்தபோது நான் செய்த தவறு ஒன்று இன்னும் மனதை அறுக்கிறது. சனிக்கிழமை நேர்காணல். முந்தின இரவு ஒன்பது மணிக்கு, காலை 9:30-க்கு வரவேண்டியவர் போன் செய்து "வர முடியாது" என்றார். அந்தப் பேனல் முதல் நாற்பது நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்குமே என்று, அவருக்குப் பின்னால் இருந்த எல்லோரையும் ஒரு கட்டம் முன்னால் நகர்த்திப் புது நேரத்தைக் குறுஞ்செய்தியில் அனுப்பினேன்.

தூத்துக்குடியிலிருந்து ஒரு பையன் அந்நேரம் பஸ்ஸில் இருந்தான். போனில் சார்ஜ் இல்லை. அவனுக்கு முதலில் கொடுத்த நேரம் 10:50; நான் மாற்றியது 10:10. சொன்னபடி 10:40-க்கே சட்டையை இன் செய்துகொண்டு வந்து நின்றான். பட்டியலில் அவன் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று பேனல் எழுதிவிட்டிருந்தது. மாலை 5:30-க்கு, களைத்துப்போன மூன்று பேர் முன்னால் அவனை உட்கார வைத்தோம். அவன் தேர்வாகவில்லை. அதற்கு நான்தான் காரணம் என்று சொல்ல என்னிடம் ஆதாரமில்லை. இல்லை என்று சொல்லவும் ஆதாரமில்லை.

அதன் பிறகு இந்த அட்டவணை போடும் வேலையை நான் அணுகும் விதமே மாறியது.

ஒரு நாளைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏ, பி, சி, டி என்று நான்கு பேனல்கள். ஏ, பி இரண்டும் ஜாவா தெரிந்தவர்களுக்கு, சி டெஸ்டிங், டி வாடிக்கையாளர் சேவை. நேர்காணல் முப்பது நிமிடம். ஆனால் மதிப்பெண் தாளை நிரப்பவும், பேனல்காரர்கள் தங்களுக்குள் பேசி முடிக்கவும், அடுத்தவரின் பயோடேட்டாவைப் புரட்டவும் பத்து நிமிடம் போகும். ஆகவே ஒரு கட்டம் நாற்பது நிமிடம். 9:30-க்குத் தொடங்கினால் 12:50-க்குள் ஐந்து கட்டங்கள். சாப்பாடு முடிந்து 1:30 முதல் 5:30 வரை ஆறு. ஒரு பேனலுக்கு 11, நான்குக்கும் சேர்த்து 44.

இங்கேதான் பலர் 44 பேரைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். நான் 36 பேரைத்தான் கூப்பிடுவேன். ஒவ்வொரு பேனலுக்கும் காலையில் ஒன்று, மதியம் ஒன்று என இரண்டு கட்டங்களைக் காலியாக விடுவேன். அவை எங்கே இருக்கின்றன என்பதுதான் முக்கியம். நாளின் கடைசியில் விட்டால், அன்று முழுக்கச் சேர்ந்த தாமதத்தை எல்லோரும் அனுபவித்த பிறகுதான் அது உதவிக்கு வரும். நான் நான்காவது கட்டத்தில் விடுகிறேன்: காலையில் 11:30, மதியம் 3:30.

நல்ல ஆள் கிடைத்துவிட்டால் பேனல் விடாது. "அஞ்சே நிமிஷம் மேடம்" என்று சொல்லிப் பத்து நிமிடம் எடுத்துக்கொள்வார்கள். 9:30, 10:10, 10:50 மூன்றும் பத்துப் பத்து நிமிடம் இழுத்தால் மூன்றாமவர் முடிய 12:00 ஆகும். 11:30 காலி என்பதால் 12:10-க்கு வரவேண்டியவர் சொன்ன நேரத்துக்கே உள்ளே போவார். அந்தக் கட்டத்திலும் ஒருவரைப் போட்டு, அவரும் பத்து நிமிடம் இழுத்தால் 12:10 ஆள் 12:50-க்குத்தான் போவார். சாப்பாடு தள்ளிப்போகும், மதியமே ஆட்டம் காணும்.

இரண்டு ஜாவா பேனலுக்கும் ஒரே நேரத்தில் காலி விடுவதில்லை. ஏ பேனலுக்கு 11:30 என்றால் பி பேனலுக்கு 10:50. அப்போது ஒரு பக்கம் நெருக்கடி வந்தால் ஒருவரை அடுத்த அறைக்கு அனுப்ப வழி இருக்கும். சி, டி பேனல்களுக்கு இப்படித் துணை கிடையாது. அதனால் பட்டியல் போடும்போது அவற்றைத்தான் முதலில் நிரப்புவேன். அதிலும் வெளியூரிலிருந்து வருகிறவர்கள், 'மதியம் மட்டும்தான் முடியும்' என்றவர்கள் முதலில். எந்த நேரமானாலும் சரி என்கிற உள்ளூர்க்காரர்கள் கடைசியில். வரிசையை மாற்றிச் செய்தால், கடைசியில் மிஞ்சுகிற ஆளுக்கும் மிஞ்சுகிற கட்டத்துக்கும் பொருந்தவே பொருந்தாது.

நேரம் மாற்றிக் கேட்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். யுபிஎஸ்சி நேர்காணலில் பொதுவாகத் தேதியை மாற்றித் தரமாட்டார்கள். எந்தக் குழு முன் உட்காரப் போகிறோம் என்பதும் அன்றுதான் தெரியும். தனியார் நிறுவனம் அப்படிக் கறாராக இருந்தால் நல்ல ஆட்கள் வேறு இடம் பார்த்துப் போய்விடுவார்கள். எனவே மாற்றித் தரத்தான் வேண்டும். அதற்கு நான் வைத்திருக்கும் விதி ஒன்றுதான்: கேட்டவர் மட்டும் நகர்வார், அதுவும் காலிக் கட்டத்துக்கு. வேறு யாருடைய நேரத்தையும் தொடமாட்டேன். முன்கூட்டிக் கேட்பவர்களுக்கு மதியக் காலியை மட்டும் கொடுப்பேன். காலைக் காலி அன்றைய தாமதத்துக்கு. அதை முந்தின நாளே கொடுத்துவிட்டால் காலைத் தாமதத்தைச் சரிக்கட்ட எதுவும் இராது. ஒரு பேனலின் மதியக் காலி ஏற்கெனவே போய்விட்டதா, அடுத்து கேட்பவருக்கு வேறு தேதிதான்.

அவர் விட்டுப்போன கட்டம்? அது காலியாகவே கிடக்கலாம். உள்ளூரில் இருப்பவர் யாராவது "சீக்கிரம் முடித்துக்கொள்கிறேன்" என்று ஒப்புக்கொண்டால் அவரைப் போடலாம். ஒரு பேனல் நாற்பது நிமிடம் டீ குடித்தால் நிறுவனத்துக்குக் கொஞ்சம் நஷ்டம், அவ்வளவுதான். அந்தத் துளையை அடைக்க ஏழெட்டுப் பேரின் நேரத்தை மாற்றினால், அதில் ஒருவராவது செய்தியைப் பார்க்காமல் பஸ்ஸில் இருப்பார்.

முன்னறிவிப்பின்றி வராமல் போவது வேறு கதை. 1952-இல் பெய்லி, வெல்ச் என்ற இருவர் பிரிட்டனின் மருத்துவமனை வெளிநோயாளர் பிரிவுகளை ஆராய்ந்து ஒரு வழி சொன்னார்கள்: முதல் நேரத்துக்கு இரண்டு பேரை வரச் சொல்லுங்கள், ஒருவர் தாமதித்தாலும் மருத்துவர் சும்மா இருக்கமாட்டார். நான் அதைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டேன். 10:10 ஆளையும் 9:30-க்கே வரச் சொல்வேன், காரணத்தையும் சொல்லிவிடுவேன். முதல் ஆளுக்காகப் பத்து நிமிடம் காத்திருந்து, ஒரு போன் போட்டுப் பார்த்து, அதன் பின் இவரை உள்ளே அனுப்புவேன். நாள் முழுக்க இப்படி இரண்டிரண்டு பேராகக் கூப்பிடுவது கூடாது. பதற்றத்தோடு வருகிறவரை வீணாக உட்கார வைத்தால் அது அவர் பதிலில் தெரியும்.

எக்ஸெல் தாளில் வைத்திருப்பவர்கள் ஒரே பேனலில் ஒரே நேரத்தில் இருவர் விழுந்துவிட்டார்களா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பேனல் சி நெடுவரிசையிலும் நேரம் டி நெடுவரிசையிலும் இருந்தால் இது போதும்:

```
=COUNTIFS(C:C,C2,D:D,D2)>1
```

மோதல் உள்ள வரியில் TRUE என்று வரும். ஒருவர் 2:10 என்றும் இன்னொருவர் 2.10 என்றும் அடித்திருந்தால் மட்டும் இது பிடிக்காது. அதனால் நேரத்தை ஒரே ஆள்தான் அடிக்க வேண்டும்.

நேர்காணல் நாளில் என் கையில் இருப்பது அச்சடித்த காகிதம். குறித்த நேரத்துக்குப் பக்கத்தில், உண்மையில் உள்ளே போன நேரத்தைப் பேனாவால் எழுதுவேன். மதியம் 2:50 ஆள் பதினைந்து நிமிடத்துக்கு மேல் தாமதமாகப் போனால், அந்தப் பேனலில் 3:30 காலி இன்னும் கையில் இருக்கிறதா என்று பார்ப்பேன். இல்லையென்றால் 4:10, 4:50 ஆட்களிடம் நானே போய், எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்லிவிடுவேன்.

ஒருமுறை ஒரு மாணவன் கூப்பிட்டான். "மேடம், சனிக்கிழமை காலைல எனக்கு அரியர் பேப்பர். பத்துல இருந்து ஒண்ணு வரைக்கும்."

"எந்த ஊர்ல எழுதுறீங்க?"

"பொள்ளாச்சி, மேடம்."

"கோயம்புத்தூர் வர ஒன்றரை மணி நேரம் வச்சுக்கோங்க. மூணரைக்கு வாங்க. சாப்பிட்டுட்டு வாங்க."

மூன்றே காலுக்கு வந்துவிட்டான், ஹால் டிக்கெட் சட்டைப் பையில் இருந்தது. சி பேனலின் நான்காவது கட்டம் அவனுக்காகக் காலியாக இருந்தது.